ஸ்டீல் தட்டு செட்: ஒரே ஒரு வேறுபாடு, அதுவும் முதல் வரியில்

வீட்டில் இருந்தபடியே இணையத்தில் பாத்திரங்கள் விற்பவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். போட்டோ எடுப்பது, விலை போடுவது, கூரியருக்குக் கட்டிக் கொடுப்பது எல்லாம் சில நாட்களில் பழகிவிடும். ஆனால் பொருளைப் பற்றி நான்கு வரி எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடும். அதிலும் சாதாரண ஸ்டீல் தட்டு செட் என்றால் என்ன எழுதுவது? வட்டமாக இருக்கும், பளபளவென்று இருக்கும், சாப்பிடலாம். இதைத்தானே எல்லாரும் எழுதுகிறார்கள்?

அதனால் பெரும்பாலானவர்கள் இப்படி எழுதி முடித்துவிடுகிறார்கள்: "உயர்தர ஸ்டீலில் செய்யப்பட்ட, நீடித்து உழைக்கும், கண்கவர் தட்டு செட். உங்கள் இல்லத்திற்கு அழகு சேர்க்கும்." இந்த வரியில் "தட்டு" என்ற சொல்லை எடுத்துவிட்டு "டம்ளர்" என்று போட்டுப் பாருங்கள். பிறகு "குத்துவிளக்கு" என்று போட்டுப் பாருங்கள். வரி அப்படியே பொருந்துகிறது. எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற வரி, உங்கள் தட்டைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. படிப்பவருக்கு ஒப்பிட மிஞ்சுவது விலை மட்டுமே. பக்கத்துக் கடைக்காரர் பத்து ரூபாய் குறைத்தால் அவர் அங்கே போய்விடுவார்.

அப்படியானால் உங்கள் தட்டில் உண்மையாகவே இருக்கும் ஒரு வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை யோசித்து யோசித்துக் கண்டுபிடிப்பதைவிட, எக்ஸெல் ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து, சமையலறைத் தராசு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு தேடுவது எளிது. ஒரு எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்க்கலாம். நம்மிடம் இருப்பது 28 செ.மீ. விட்டமுள்ள 6 எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டுகள் கொண்ட செட் என்று வைத்துக்கொள்வோம்.

ஒர்க் ஷீட் தயாரித்தல்

வாங்குபவர் தேடும்போது உங்கள் தட்டுடன் சேர்ந்து வரும் மற்ற தட்டு செட்களில், ஏறக்குறைய அதே விலையில் உள்ள பத்தைத் தேர்ந்தெடுங்கள். விலை மிகவும் தள்ளியிருப்பவை வேண்டாம். நம் செட்டை வாங்க நினைப்பவர் அவற்றோடு ஒப்பிடப் போவதில்லை.

எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து, முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை அமைக்கவும். A நெட்டு வரிசையில் விற்பவரின் பெயர், B யில் விட்டம் செ.மீ. கணக்கில், C யில் ஒரு தட்டின் எடை கிராமில், D யில் ஸ்டீல் வகை, E யில் தட்டின் உயரம் செ.மீ. கணக்கில், F இல் மெருகு, G இல் விளிம்பு. இரண்டாவது படுக்கை வரிசை நம்முடைய தட்டுக்கு. மூன்று முதல் பன்னிரண்டு வரை மற்ற பத்துக்கு.

இங்கே இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது, அளவுகளை எண்ணாக மட்டுமே டைப் செய்யவும். "28 செ.மீ." என்று செல்லில் எழுதினால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. அங்குலத்தில் கொடுத்திருந்தால் 2.54 ஆல் பெருக்கிச் செ.மீ. ஆக்கிக்கொண்டு முழு எண்ணாக்கவும். 11 அங்குலம் என்பது 27.94 செ.மீ., அதாவது நம்முடைய அதே 28 தான். எடையும் இப்படித்தான். சிலர் ஆறு தட்டுக்கும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அதை ஆறால் வகுக்க வேண்டும். சிலர் அட்டைப்பெட்டியோடு சேர்த்த எடையைப் போடுவார்கள். அப்படி எழுதியிருந்தால் அந்தச் செல்லைக் காலியாக விடுங்கள்.

இரண்டாவது, அவர்கள் சொல்லாததை நீங்களாக நிரப்ப வேண்டாம். "உயர்தர ஸ்டீல்" என்று மட்டும் இருந்தால் ஸ்டீல் வகை சொல்லப்படவில்லை என்றுதான் பொருள். செல் காலியாகவே இருக்கட்டும். அந்தக் காலி இடங்கள் பின்னால் நமக்குப் பயன்படும்.

நம்முடைய தட்டின் விவரங்களை மட்டும் பெட்டியின் மேல் உள்ளதைப் பார்த்து எழுதாமல், அளந்து எழுதுங்கள். எடுத்துக்காட்டில் நம் தட்டு: விட்டம் 28, எடை 312, பில்லில் உள்ள ஸ்டீல் வகை 202, உயரம் 2.2, மெருகு கண்ணாடி மெருகு. விளிம்பு என்ன என்று பிறகு பார்ப்போம்.

ஒரே பார்முலாவில் கழித்துக் கட்டுதல்

இப்போது நம் தட்டின் விவரம் எத்தனை பேரிடம் அப்படியே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். B14 செல்லில் கீழ்க்காணும் பார்முலாவையும், B15 செல்லில் இரண்டாவது பார்முலாவையும் டைப் செய்து என்டர் தட்டவும். பின்னர் இரண்டையும் G வரை இழுத்து நிரப்பவும்.

```
=COUNTIF(B3:B12,B2)
=COUNTBLANK(B3:B12)
```

முதலாவது, பத்தில் எத்தனை பேர் நம்மைப் போலவே இருக்கிறார்கள் என்று சொல்லும். இரண்டாவது, எத்தனை பேர் அதைப் பற்றிச் சொல்லவே இல்லை என்று சொல்லும்.

எடை உள்ள C நெட்டு வரிசையில் மட்டும் இந்த முதல் பார்முலா நம்மை ஏமாற்றிவிடும். மற்றவர்களின் எடை 280, 300, 305, 310, 320, 325, 340 என்று இருக்கிறது, மூவர் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். யாரிடமும் சரியாக 312 இல்லை. எனவே விடை 0 என்று வரும். உடனே "எடையில் நாம்தான் தனி" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 310 கிராம் தட்டுக்கும் 312 கிராம் தட்டுக்கும் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. எனவே C14 செல்லில், 5 சதவீதம் கூட அல்லது குறைய இருப்பவர்களை எண்ணும் பார்முலாவைப் போடுங்கள்.

```
=COUNTIFS(C3:C12,">="&C2*0.95,C3:C12,"<="&C2*1.05)
```

இப்போது விடை 5. எடையில் நாம் கூட்டத்தில் ஒருவர்தான் என்று தெரிந்துவிட்டது. "கனமான தட்டு" என்று முதல் வரியில் எழுத நமக்கு உரிமை இல்லை. எடையைச் சரியாகச் சொல்லலாம், ஆனால் அது வேறுபாடு அல்ல.

விட்டம்: ஆறு பேர் நம்மைப் போலவே 28. மெருகு: எட்டுப் பேர் நம்மைப் போலவே கண்ணாடி மெருகு. இவை இரண்டும் கழிந்தன.

ஸ்டீல் வகையில் ஒரு நிறுத்தம்

D நெட்டு வரிசையில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனெனில் பாத்திர வியாபாரத்தில் அதிகம் சண்டை வருவது இங்கேதான். நம் எடுத்துக்காட்டில் நான்கு பேர் 304 என்கிறார்கள். ஒருவர் நம்மைப் போல 202 என்கிறார். ஐந்து பேர் வாய் திறக்கவில்லை.

304 என்பது ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்தது. 202 இல் விலை கூடிய நிக்கலைக் குறைத்து, அந்த இடத்தில் மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். தினமும் கழுவித் துடைத்து வைக்கும் தட்டுக்கு 202 போதும். ஆனால் உப்பும் ஈரமும் நெடுநேரம் தங்கினால் 304 அளவுக்குத் தாங்காது.

காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். காந்தம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. இரண்டிலுமே அது சரியாக ஒட்டாது. தகட்டை அழுத்தி வளைத்த இடங்களில், குறிப்பாக ஓரத்தில், 304 தட்டிலும் லேசான ஈர்ப்பு இருக்கலாம். காந்தம் தட்டின் நடுவிலும் பலமாகப் பிடித்துக்கொண்டால் அது 304 உம் அல்ல, 202 உம் அல்ல, 400 வரிசையைச் சேர்ந்த வேறு வகை என்று மட்டும் சொல்லலாம். எனவே வகையை எழுதுவதற்கு ஆதாரம் உங்களுக்குச் சரக்கு கொடுத்தவரின் பில் அல்லது சோதனைச் சான்றிதழ். அதில் 202 என்று இருந்தால் 202 என்றே எழுதுங்கள். ஆதாரம் இல்லாமல் 304 என்று எழுதினால் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது பொருளைத் தவறாக விவரிக்கும் விளம்பரம். பார்சல் திரும்பி வருவதோடு முடிவது அல்ல.

ஆக ஸ்டீல் வகை நம் பொருளைப் பற்றிய ஒரு தகவல், கட்டாயம் சொல்ல வேண்டிய தகவல். ஆனால் நமக்குச் சாதகமான வேறுபாடு அல்ல.

மிச்சம் இருக்கும் இரண்டு

இப்போது E யும் G யும் மிஞ்சுகின்றன. உயரத்தை ஒருவர் மட்டும் 2 செ.மீ. என்று கொடுத்திருக்கிறார். ஒன்பது பேர் சொல்லவில்லை. நம்முடையது 2.2. பார்முலாவின் விடை 0. அப்படியானால் உயரத்தில் நாம் தனி அல்லவா? எண்ணில் தனிதான். ஆனால் சாப்பிட உட்காருகிறவருக்கு இந்த 2 மில்லி மீட்டரால் என்ன கிடைக்கிறது? எதுவும் இல்லை. ரசம் சாதம் வழியாமல் நிற்க வேண்டும் என்றால் இன்னும் ஒரு செ.மீ. ஆவது கூட வேண்டும். பயன்பாட்டில் எதையும் மாற்றாத வேறுபாடு, வேறுபாடாக இருந்தும் பயனில்லை. இதையும் கழித்துவிடலாம்.

கடைசியாக விளிம்பு. இதைப் பற்றிப் பத்துப் பேரில் ஒருவரும் பேசவில்லை. COUNTBLANK விடை 10. காரணம் எளிது. எல்லாரும் தட்டை மேலிருந்து போட்டோ எடுக்கிறார்கள். விளிம்பின் அடிப்பக்கம் படத்தில் விழுவதே இல்லை.

ஸ்டீல் தகட்டை வட்டமாக வெட்டி, அச்சில் அழுத்தித் தட்டாக்கும்போது ஓரம் கத்தி போல இருக்கும். கையைக் கிழிக்காமல் இருக்கவும், மெல்லிய தட்டு வளையாமல் இருக்கவும் அந்த ஓரத்தை வெளிப்பக்கமாகக் கீழ்நோக்கிச் சுருட்டிவிடுவார்கள். இந்தச் சுருட்டல் முழுமையாகப் போய்த் தட்டின் சுவரைத் தொட்டு அழுந்தி நின்றால் உள்ளே எதுவும் போகாது. பாதியில் நின்றுவிட்டால், தட்டைச் சுற்றிலும் ஒரு சிறிய குழாய் போன்ற பள்ளம் உண்டாகும். கழுவும்போது தண்ணீரும் சோப்பும் எண்ணெயும் அதில் போய் உட்காரும். தட்டைத் துடைத்து அடுக்கிய பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கும். உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் அந்த இடத்தில் வெள்ளைக் கறை படியும். நாளடைவில் பழுப்பு நிறமும் தெரியும். சாப்பாடு போடும்போது கை பட்டு ஈரம் தட்டுக்குள் விழுவதும் உண்டு. வீட்டில் தட்டு கழுவுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விற்கிறவர்கள்தான் எழுதுவதில்லை.

நம்முடைய தட்டின் விளிம்பு முழுவதும் மூடியிருந்தால், நாம் தேடிய வேறுபாடு இதுதான். அளந்து காட்டலாம், வாங்குபவரும் வீட்டில் சோதித்துப் பார்க்கலாம், தினமும் பயன்படும். ஆனால் "இருந்தால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். முதலில் அதை உறுதி செய்ய வேண்டும்.

இரண்டு சோதனைகள்

முதல் சோதனைக்குச் சாதாரண பிரிண்டர் பேப்பர் ஒன்று போதும். தட்டைக் கவிழ்த்து வைத்து, பேப்பரின் மூலையை விளிம்புச் சுருட்டலுக்கும் தட்டின் சுவருக்கும் நடுவில் வைத்து மெதுவாகச் சுற்றி வாருங்கள். எங்காவது பேப்பர் உள்ளே நுழைந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. மார்க்கர் பேனாவால் அந்த இடத்தைக் குறியுங்கள். ஒரு தட்டோடு நிறுத்தாமல் ஆறையும் பாருங்கள். ஐந்து தட்டு மூடியிருந்து ஒன்று திறந்திருந்தால், "செட்" என்று எழுதும் வரி பொய்யாகிவிடும்.

பேப்பர் நுழையாத அளவுக்கு மெல்லிய இடைவெளியும் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். சொல்லப்போனால் அகலமான இடைவெளியைவிட இது மோசம், ஏனெனில் தட்டினாலும் வெளியே வராது. இதற்குத்தான் இரண்டாவது சோதனை. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு தேவை. ஒரு தட்டில் தங்கும் தண்ணீர் இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும். தராசே ஒரு கிராம் முன்னே பின்னே காட்டலாம் என்பதால் ஒற்றைத் தட்டை நிறுப்பதில் பயனில்லை. ஆறையும் சேர்த்து நிறுங்கள்.

1. ஆறு தட்டுகளையும் நன்றாக உலர்த்தி, ஒன்றாக அடுக்கி எடையைக் குறித்துக்கொள்ளவும்.

2. எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் ஒரு நிமிடம் முழுதாக மூழ்கவிடவும்.

3. எடுத்துப் பாத்திரக் கூடையில் செங்குத்தாகப் பத்து நிமிடம் நிறுத்தி வைக்கவும்.

4. உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் உலர்ந்த துணியால் துடைக்கவும். விளிம்புக்கு அடியில் துணியைத் திணித்துத் துடைக்க வேண்டாம்.

5. மீண்டும் ஆறையும் சேர்த்து நிறுத்துப் பார்க்கவும்.

இரண்டு எடைகளுக்கும் உள்ள வித்தியாசம் விளிம்புகளில் தங்கிய தண்ணீர். நம் எடுத்துக்காட்டில் முதலில் 1872 கிராம், பிறகு 1873 என்று வந்தால் தராசின் தடுமாற்றம் என்று விட்டுவிடலாம். விளிம்பு திறந்த வேறு ஆறு தட்டுகளை இதே போல நிறுத்தால், 1776 என்பது 1790 ஆகலாம். பதினான்கு கிராம் என்றால் ஏறக்குறைய மூன்று டீஸ்பூன் தண்ணீர். ஒப்பிடுவதற்கு உங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு பழைய செட் இருக்கும். அதையும் ஒரு முறை நிறுத்துப் பார்த்தால் உங்கள் சோதனை சரியாக வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இரண்டு செட்டிலும் ஒரே விடை வந்தால், துடைத்த முறையில் எங்கோ தவறு இருக்கிறது. மறுபடி செய்யவும்.

முதல் வரியை எழுதுதல்

வேறுபாடு கையில் கிடைத்துவிட்டது. இனி அதை எங்கே வைப்பது? முதல் வாக்கியத்தில், அதிலும் முதல் நான்கைந்து சொற்களுக்குள். மொபைல் போனில் பொருளின் விளக்கம் முழுவதும் தெரிவதில்லை. ஒன்றிரண்டு வரிகள் தெரியும், பிறகு மூன்று புள்ளிகள் வரும். அதைத் தட்டித் திறப்பவர்கள் குறைவு. கூகுள் தேடலிலும் தலைப்பின் கீழ் வரும் சிறு குறிப்பு இப்படித்தான் வெட்டப்படுகிறது.

தமிழில் எழுதும்போது இங்கே ஒரு சிக்கல் உண்டு. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும். இல்லை என்று மறுப்பதும் கடைசியில்தான் வரும். "எங்களது இந்த அழகிய தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் விளிம்பின் அடியில் தண்ணீர் தங்காது" என்று எழுதி, "தண்ணீர்" என்ற சொல்லோடு திரையில் வெட்டு விழுந்தால் என்ன ஆகும்? விளிம்பின் அடியில் தண்ணீர்... என்று மட்டும் படித்தவர், இது தண்ணீர் தங்கும் தட்டு என்று நினைத்துப் போய்விடுவார். எனவே மறுப்புச் சொல் வெட்டு விழும் இடத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும். வாக்கியத்தின் தொடக்கத்தைச் சுருக்கமாக்கினால் போதும்: "விளிம்பில் தண்ணீர் தங்காத தட்டு".

அடுத்தது எழுத்துக் கணக்கு. விளக்கத்துக்கு இத்தனை எழுத்து என்று தளங்கள் வரம்பு வைத்திருக்கும். தமிழில் நம் கண் எண்ணுவதும் கம்ப்யூட்டர் எண்ணுவதும் ஒன்றல்ல. யூனிகோட் முறையில் மெய்யெழுத்தின் புள்ளியும், உயிர்மெய்யின் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். ஏதாவது ஒரு செல்லில், எடுத்துக்காட்டாக A20 இல், "விளிம்பில் தண்ணீர் தங்காத தட்டு" என்று டைப் செய்து, பக்கத்துச் செல்லில் கீழ்க்காணும் பார்முலாவைக் கொடுத்துப் பாருங்கள்.

```
=LEN(A20)
```

விடை 31. நம் கணக்கில் எழுத்துகள் 16, இடைவெளிகள் 3, ஆகப் பத்தொன்பதுதான். எனவே பெரும்பாலான தளங்களில் 150 எழுத்து அனுமதி என்றால் தமிழில் நூறுக்குள் முடிந்துவிடும் என்று எடுத்துக்கொண்டு எழுதுங்கள். இதுவும் வரம்புக்கான கணக்கு மட்டுமே. திரையில் எந்த இடத்தில் வெட்டு விழுகிறது என்பது போனுக்குப் போன் மாறும். விளக்கத்தைப் பதிவு செய்தவுடன் சிறிய திரை உள்ள போன் ஒன்றில் திறந்து, மூன்று புள்ளிகளுக்கு முன் என்ன தெரிகிறது என்று நேரில் பார்ப்பதுதான் சரியான சோதனை.

இவை எல்லாம் சேர்ந்து நம் விளக்கம் இப்படி அமையும்:

"விளிம்பில் தண்ணீர் தங்காத தட்டு: ஓரம் முழுவதும் இடைவெளியின்றிச் சுருட்டி மூடப்பட்ட எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டு, 6 கொண்ட செட். கழுவித் துடைத்து அடுக்கினால் அடியில் ஈரம் சொட்டாது. விட்டம் 28 செ.மீ., உயரம் 2.2 செ.மீ., ஒரு தட்டின் எடை 312 கிராம். ஸ்டீல் வகை 202. மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கக் கூடாது."

இதில் "உயர்தர" இல்லை, "பிரீமியம்" இல்லை. "தட்டு" என்ற இடத்தில் "டம்ளர்" போட்டால் அளவுகள் பொருந்தாது, வரி உடைந்துவிடும். அதுதான் நமக்கு வேண்டும். விட்டம், எடை, ஸ்டீல் வகை ஆகியவை பின்னால் போனாலும் விடுபடவில்லை. 202 என்று வெளிப்படையாகச் சொல்லியிருப்பதால், 304 என்று நினைத்து வாங்கித் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்க மாட்டார்கள். திரும்பி வரும் ஒரு பார்சலின் செலவு, விற்ற பல செட்களின் லாபத்தைத் தின்றுவிடும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

பொருளின் பெயர் வேறு, விளக்கத்தின் முதல் வரி வேறு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பெயர் தேடுபவருக்காக. சிலர் "ஸ்டீல் தட்டு" என்று தேடுவார்கள், சிலர் "எவர்சில்வர் தட்டு" என்று தேடுவார்கள். பெயரில் ஒன்றும் விளக்கத்தில் மற்றொன்றும் வருமாறு பார்த்துக்கொண்டால் இருவரும் உங்களிடம் வந்து சேர்வார்கள். வந்தவருக்கு ஒரு காரணம் சொல்வது முதல் வரியின் வேலை. இரண்டாவது படமாக விளிம்பின் அடிப்பக்கத்தை அருகில் இருந்து எடுத்துச் சேர்க்கவும். முதல் வரியில் சொன்னதைப் படம் காட்ட வேண்டும்.

எழுதக் கூடாத ஒன்று

"மற்ற தட்டுகளில் தண்ணீர் தங்கும், எங்களுடையதில் தங்காது" என்று எழுதத் தோன்றும். வேண்டாம். ஒர்க் ஷீட்டில் G நெட்டு வரிசையின் பத்துச் செல்களும் காலியாக இருப்பதற்குப் பொருள், மற்றவர்கள் சொல்லவில்லை என்பது மட்டுமே. அவர்களுடைய விளிம்பு திறந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஒருவேளை ஒரே தொழிற்சாலைத் தட்டையே மூன்று பேர் விற்றுக்கொண்டிருக்கலாம். நம் தட்டைப் பற்றி நாம் சோதித்ததை மட்டும் சொன்னால் போதும். முதலில் சொல்பவர் என்ற இடம் நமக்குக் கிடைத்துவிடும்.

நாளைக்கு மற்றவர்களும் இதையே எழுதத் தொடங்கினால்? சில மாதங்களுக்கு ஒரு முறை ஒர்க் ஷீட்டைத் திறந்து பத்து வரிகளையும் புதுப்பியுங்கள். G14 செல்லில் 0 என்பது 4 அல்லது 5 ஆகிவிட்டால், விளிம்பு இனி வேறுபாடு அல்ல. அடுத்ததைத் தேட வேண்டும்.

வேறுபாடே கிடைக்காவிட்டால்

எல்லா நெட்டு வரிசைகளையும் கழித்த பிறகு ஒன்றுமே மிஞ்சாமல் போவதும் உண்டு. மொத்தக் கடையில் எல்லாரும் ஒரே சரக்கை எடுக்கும்போது தட்டில் வேறுபாடு எங்கிருந்து வரும்? அப்போது தட்டில் இல்லாத சிறப்பைக் கற்பனை செய்யாமல், அதை விற்கும் முறையில் தேடுங்கள். தட்டில் பெயர் வெட்டித் தருகிறீர்களா? ஆறில் ஒன்று தொலைந்தால் அதே அச்சில் ஒற்றைத் தட்டு தருவீர்களா? இவையும் உண்மையான வேறுபாடுகளே. "தொலைந்தால் ஒற்றைத் தட்டும் கிடைக்கும்" என்று முதல் வரியில் எழுதலாம். ஆனால் அந்த மாடலை உங்களுக்குத் தருபவர் தொடர்ந்து தருவாரா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். பெயர் வெட்டிய தட்டைத் திரும்ப எடுக்க முடியாது என்றால் அதையும் பணம் கட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

புதிய சரக்கு வரும்போது

இந்த முறையில் பெரும்பாலும் தவறு நடப்பது எழுதும்போது அல்ல, எழுதி முடித்துச் சில மாதங்கள் கழித்து. முதல் வரி நன்றாக வேலை செய்கிறது, பழைய சரக்கு தீர்ந்துவிட்டது, அதே இடத்தில் மீண்டும் ஆர்டர் கொடுக்கிறீர்கள். பட்டறையில் அச்சு தேய்ந்திருக்கலாம், அல்லது அவரே வேறு பட்டறையிலிருந்து வாங்கித் தந்திருக்கலாம். தட்டு பார்க்க அப்படியேதான் இருக்கும். விளிம்பு மட்டும் கால் சுற்று குறைவாகச் சுருண்டிருக்கும். உங்கள் முதல் வரி உங்களுக்குத் தெரியாமலேயே பொய்யாகிவிடும்.

எனவே ஒவ்வொரு முறை சரக்கு வரும்போதும், பெட்டிகளிலிருந்து இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆறு தட்டுகளை எடுத்துப் பேப்பர் சோதனை செய்யுங்கள். சந்தேகம் வந்தால் தராசையும் எடுங்கள். அதே ஒர்க் ஷீட்டில் இன்னொரு தாளைத் திறந்து, சரக்கு வந்த தேதி, உலர்ந்த எடை, நனைந்த எடை என்று மூன்று நெட்டு வரிசைகளில் குறித்து வைத்தால் மாற்றம் உடனே கண்ணில் படும். உலர்ந்த எடை திடீரென்று குறைந்திருந்தால், உதாரணமாக 1872 இருந்த இடத்தில் 1700 வந்தால், விளிம்பு மட்டுமல்ல, தகட்டின் கனமே மாறியிருக்கிறது. விளக்கத்தில் போட்ட 312 கிராமையும் திருத்த வேண்டும்.

விளிம்பு திறந்த சரக்கு வந்துவிட்டால் இரண்டே வழிகள். சரக்கைத் திருப்பி அனுப்பலாம். அல்லது, அந்தச் சரக்கு தீரும் வரை முதல் வரியை எடுத்துவிட்டு, உண்மையாக மிஞ்சும் அளவுகளை மட்டும் வைத்து விற்கலாம். தண்ணீர் தங்காத தட்டு என்று படித்து வாங்கியவர் அதைச் சோதிக்க எக்ஸெல் திறக்க மாட்டார். முதல் நாள் கழுவி அடுக்கி வைத்து, மறுநாள் காலையில் எடுக்கும்போதே தெரிந்துகொள்வார்.